உயர்வரிசைத் துருவத்தில் வகையிட்டு எச்சம் காணுதல்

கேள்வி: 1/(z²+1)² க்கு z = i இல் லாரண்ட் தொடரை விரிக்காமல் எச்சம் காண முடியுமா?

முடியும். எச்சம் என்பது (z−i)⁻¹ இன் கெழு மட்டுமே; இங்கே துருவத்தின் வரிசை 2 என்பதால், சார்பை (z−i)² ஆல் பெருக்கினால் அக்கெழு (z−i) இன் கெழுவாக நகர்கிறது, ஒருமுறை வகையிட்டு z = i எனப் பிரதியிட்டால் அதுவே தனித்து நிற்கிறது.

பகுதி (z−i)²(z+i)² எனப் பிரிவதால், பெருக்கிய பின் எஞ்சுவது (z+i)⁻². இந்தச் சுருக்கத்தை வகையிடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். பெரும்பாலான பிழைகள் இதைத் தள்ளிப்போடுவதால்தான் வருகின்றன. வகைக்கெழு −2(z+i)⁻³; z = i இல் (2i)³ = −8i, ஆகவே எச்சம் 1/(4i) = −i/4. இதை 2πi ஆல் பெருக்கினால் π/2. அது 1/(x²+1)² இன் மெய்யச்சு முழுவதற்குமான தொகையீட்டோடு பொருந்துகிறது.

வரிசை n எனில் (n−1) முறை வகையிட்டு (n−1)! ஆல் வகுக்க வேண்டும். வரிசையைக் குறைத்து மதிப்பிட்டால் எல்லை முடிவிலிக்குச் செல்லும்; கூட்டி மதிப்பிட்டால் விடை மாறாது, வேலை மட்டுமே மிகும்.