முகம், ஸ்லைடு, இடைக்காட்சி: பாடக் காணொளித் தொகுப்பு வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு

அன்புள்ள மாணவருக்கு,

இணையவழிப் பாடநெறிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களில் படத்தொகுப்பாளராகச் சேர விரும்புவதாக எழுதி, நுண்ணோக்கியைக் கையாளுவது பற்றிய 9 நிமிடப் பாடக் காணொளியை மாதிரியாக அனுப்பியிருந்தீர்கள். அதை இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறை திரையைப் பார்க்காமல் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க மட்டும் செய்தேன். உங்கள் வேலை தேறுமா என்பதை அந்த மூன்றாவது முறைதான் எனக்குச் சொல்லியது. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்களில் அனுபவம் உள்ளவர்களும் இப்படித்தான் செய்வார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கேட்டபோது புலப்பட்டது இது. ஆசிரியர் தடுமாறிய இடங்களையும் நீண்ட மௌனங்களையும் வெட்டியிருக்கிறீர்கள், அது சரி. ஆனால் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று தோன்றிய இடங்களில் ஒலித்தடத்தை வெறுமையாக விட்டுவிட்டீர்கள். பேச்சுக்குப் பின்னால் மின்விசிறியின் மெல்லிய இரைச்சல் தொடர்ந்து ஒலிக்க, அந்த அரை விநாடிகளில் மட்டும் அது அறுந்துபோகிறது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ உடைந்ததுபோல் மட்டும் இருக்கும். இதற்கான மருந்து படப்பிடிப்பு நாளிலேயே இருக்கிறது. ஆசிரியர் பேசி முடித்ததும், எவரும் அசையாமல், அதே மைக்கில் அந்த அறையின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவு செய்துகொள்ளுங்கள். இடைவெளி தேவைப்படும் இடங்களில் அதிலிருந்து ஒரு துண்டை வைத்து, இரு முனைகளையும் இரண்டு மூன்று பிரேம் அளவுக்கு முன்னும் பின்னும் கரைத்துவிட்டால் வெட்டு காதில் படாது. தடுமாறிய ஆசிரியரிடமும் ஒரு பழக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள்: தவறிய சொல்லிலிருந்து தொடராமல், வாக்கியத்தை முதலிலிருந்தே மீண்டும் சொல்லட்டும். பாதியில் தொடங்கிய வாக்கியத்தின் குரலேற்றம் முந்தைய பாதியோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை.

ஆகவே வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் பேச்சை மட்டும் தொகுத்து, கண்ணை மூடிக் கேட்டாலே பாடம் விளங்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை ஒரு ஸ்லைடையும் டைம்லைனில் வைக்காதீர்கள். நீங்கள் ஸ்லைடுகளை முதலில் அடுக்கிவிட்டுப் பேச்சைப் பிறகு வெட்டியிருக்கிறீர்கள் என்பது பல இடங்களில் ஸ்லைடு ஒரு வாக்கியம் முந்தி வந்து நிற்பதிலேயே தெரிகிறது.

பேச்சு முடிந்தபின் படத்துக்கு வருவோம். முகம் மட்டும் தெரியும் பகுதியில் வெட்டினால் தலை சட்டென்று இடம் பெயரும். இதை ஜம்ப் கட் என்பார்கள். முதல் மூன்று நிமிடங்களில் இதை மறைக்க ஒவ்வொரு வெட்டிலும் ஒரு படம் மற்றொன்றில் கரையும் டிசால்வைப் போட்டிருக்கிறீர்கள். ஒரே முகம் தனக்குள்ளேயே கரைவது இரட்டை உருவம்போல் தோன்றி வெட்டை இன்னும் விளம்பரப்படுத்துகிறது. 3840×2160 அளவில் படம் எடுத்து 1920×1080 அளவில் வெளியிடுவதாக இருந்தால், தெளிவு குறையாமல் இருமடங்கு வரை படத்தைப் பெரிதாக்கலாம். அவ்வளவு தேவையில்லை, ஒரு வெட்டுக்கு முன் முழு அளவு, பின் 120 விழுக்காடு என்று மாற்றினால், இரண்டாவது கேமராவுக்கு மாறியதாகவே கண் எடுத்துக்கொள்ளும். 105 விழுக்காடு போன்ற சிறு மாற்றம் தவறுதலாக நேர்ந்ததுபோல் இருக்கும், அதைத் தவிருங்கள். பெரிதாக்கும்போது கண்கள் திரையில் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கும்படி படத்தை நகர்த்தவும் மறவாதீர்கள்.

வெட்டை மறைக்க மற்றொரு வழி, பேச்சு தொடரும்போதே முகத்துக்குப் பதிலாக வேறொன்றைக் காட்டும் இடைக்காட்சி. ஆனால் மறைப்பதற்காக மட்டும் அது வரக்கூடாது. ‘முதலில் 4x பொருளருகு லென்ஸை வைத்துப் பெரிய திருகால் குவியுங்கள், 40x லென்ஸுக்கு மாறிய பிறகு அந்தத் திருகைத் தொடாதீர்கள்’ என்று உங்கள் ஆசிரியர் சொல்லும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பாடத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. நீங்களோ வெள்ளை அங்கி அணிந்த யாரோ ஒருவர் ஆய்வகத்தில் சிரிக்கும், வேறெங்கோ எடுக்கப்பட்ட ஆயத்தக் காட்சியை வைத்திருக்கிறீர்கள். அங்கே பார்வையாளருக்குத் தேவைப்படுவன மூன்று: பெரிய திருகின் மீதுள்ள கை, 40x லென்ஸின் முனைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் நடுவே இருக்கும் மயிரிழை இடைவெளி, நுண்திருகுக்கு மாறும் விரல். ஒரு மணி நேரத்தில் நீங்களே எடுத்துவிடக்கூடிய காட்சிகள் இவை. திருகு என்ற சொல் ஒலிக்கும் கணத்திலோ சற்றுப் பிந்தியோ கையைக் காட்டுங்கள். முந்திக் காட்டினால் கண் படத்தை ஆராயப் போய்விடும், காது வாக்கியத்தை இழந்துவிடும். ‘ஏன் தொடக்கூடாது’ என்ற காரணத்தைச் சொல்லத் தொடங்கியதும் முகத்துக்குத் திரும்புங்கள். லென்ஸ் தகட்டில் மோதும் என்ற எச்சரிக்கையை ஆசிரியரின் கண்களைப் பார்த்தபடி கேட்பதற்கு ஒரு கனம் உண்டு.

ஸ்லைடுக்கும் இதே கணக்குதான். உருப்பெருக்கத்தைச் சொல்லும் ஸ்லைடில் மூன்று வரிகளும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆசிரியர் முதல் வரியில் இருக்கையில் பார்ப்பவர் மூன்றாவதைப் படித்துக்கொண்டிருப்பார். கண்ணருகு லென்ஸ் 10x என்று சொல்லும்போது அது மட்டும், பொருளருகு லென்ஸ் 40x என்றதும் இரண்டாவது, பெருக்கினால் 400 என்றதும் மூன்றாவது என்று ஒரே ஸ்லைடை மூன்று படக்கோப்புகளாக ஏற்றுமதி செய்து வைத்தால் போதும். ஆசிரியர் சொல்லும் முழு வாக்கியத்தையும் எழுத்தாகத் திரையில் போடுவதையும் விட்டுவிடுங்கள். படமும் பேச்சும் இருக்கும்போது அதே பேச்சு எழுத்தாகவும் வந்தால் கற்றல் குறையக்கூடும் என்பதைக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செவித்திறன் குறைந்தோருக்கான வசன வரிகள் வேறு; அவற்றைத் தனிக் கோப்பாகக் கொடுப்பதே முறை.

தொழில்நுட்பக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பொருந்தும் உதடும் குரலும் இறுதிப் பகுதியில் விலகிவிட்டன. விலகல் முழுக்க ஒரே அளவாக இருந்தால் ஒலியை ஒருமுறை நகர்த்தினால் தீரும். போகப்போகக் கூடினால், தொலைபேசி மாறும் பிரேம் வேகத்தில் பதிவு செய்திருக்கலாம், அல்லது தனி ரெக்கார்டரின் கடிகாரம் சற்று வேறுபட்டிருக்கலாம். முதல் காரணத்துக்கு, தொகுக்கும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i mugam.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 16 -c:a copy mugam30.mp4
```

இரண்டாவது காரணத்தைக் கண்டறிய, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். இரண்டு தட்டல்களும் பொருந்தும்வரை ஒலித்தடத்தின் நீளத்தைச் சிறிதளவு சரிசெய்தால் போதும்.

விண்ணப்பத்தோடு 9 நிமிடத்தையும் அனுப்ப வேண்டாம். எட்க்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடநெறிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, 6 நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளிலேயே மாணவர்கள் அதிகம் ஈடுபட்டார்கள் என்று கண்டது. பணிக்கு ஆள் எடுப்பவரின் பொறுமை அதைவிடக் குறைவு. திருகு பற்றிய அந்த இரண்டு நிமிடப் பகுதியை மட்டும் மேற்சொன்னவாறு மறுபடி தொகுத்து, அதற்குரிய வெட்டாத மூலப்பதிவையும் உடன் வையுங்கள். எதை விட்டீர்கள், எதை மாற்றினீர்கள் என்பதை மூலத்தோடு ஒப்பிட்டால்தான் தொகுப்பாளரின் தீர்ப்பு தெரியும். முடிந்த காணொளியை மட்டும் பார்த்தால் ஆசிரியர் நன்றாகப் பேசினார் என்றே நினைப்பார்கள். புதிய தொகுப்பு முடிந்ததும் அனுப்புங்கள், இந்த முறை முதலில் கேட்டுவிட்டே பார்க்கிறேன்.