12 சொற்களில் ஆத்தங்குடிக் கல்

"காரைக்குடியில் எங்க பழைய வீட்டைப் பார்க்க வருபவர்களுக்காக ஆத்தங்குடித் தரைக்கல் பற்றிச் சரியாக 12 சொற்களில் ஒரு பலகை வைக்கணும். எதை விடுவது?"

ஒரு குறிப்பை எடுத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் எந்த ஊர்த் தரைக்கும் பொருந்தினால், எடுத்தது அவசியமானது. பூ வடிவம், அச்சு, கையால் செய்வது எல்லாம் வேறு ஊர்க் கல்லுக்கும் உண்டு. உலர்த்துவதும் போகட்டும், மனசில்லைதான். மிஞ்சுவது இரண்டு: சூளை கிடையாது, நீரில் ஊறியே இறுகுகிறது; கண்ணாடிமேல் வார்க்கிறார்கள். அந்தப் பளபளப்பே கண்ணாடியால்தான் வருகிறது.

என் முதல் வரைவு 15 சொல்: "ஆத்தங்குடிக் கல் என்பது சூளையில் சுடப்படுவதில்லை, கண்ணாடிமேல் அழகான வண்ணச் சிமெண்ட் ஊற்றி, பிறகு நீரில் ஊறவைத்து இறுக வைக்கிறார்கள்." இதில் 'என்பது', 'அழகான', 'பிறகு' மூன்றும் போனால் 12:

"ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவதில்லை, கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, நீரில் ஊறவைத்து இறுக வைக்கிறார்கள்."

அப்புறம், 'வண்ணச்சிமெண்ட்' என்று ஒட்டி எழுதி ஒரு சொல்லை மிச்சம் பிடிக்காதீர்கள். தமிழில் இந்தத் திருட்டு சுலபம், ஆனால் பலகையில் வாசிக்கக் கண் தடுக்கும். 'கண்ணாடிமேல்' போல வழக்கமாகச் சேர்ந்தே வருவதென்றால் சரி.