எட்டுப் பக்க விலக்குகள், ஒரு துண்டுச் சீட்டு

"2025 அக்டோபர் 15-ல் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். பாலிசியில் விலக்குகள் மட்டுமே எட்டுப் பக்கம். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கவுன்டரில் நின்றபடி பார்க்கிற மாதிரி அதைச் சுருக்க முடியுமா? 2023 ஆகஸ்ட் 12-ல் 3 லட்சத்துக்கு எடுத்தோம், மறு வருடம் 5 லட்சமாக்கினோம். சர்க்கரை இருப்பதை எடுக்கும்போதே சொல்லிவிட்டோம்."

முடியும். பாலிசியின் பிடிஎஃப்பைத் திறந்து `Excl` என்று தேடுங்கள். மருத்துவக் காப்பீட்டில் வழக்கமாக வரும் விலக்குகளின் வாசகத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரே மாதிரி ஆக்கி, `Excl01` முதல் `Excl18` வரை எண் கொடுத்திருக்கிறது. அதனால் எட்டுப் பக்கத்தில் பெரும்பகுதி இந்தப் பதினெட்டுதான். மிச்சம் உங்கள் நிறுவனம் தனியாகச் சேர்த்தது, அதை மட்டும் ஒரு முறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

பதினெட்டில் பிரசவம், குழந்தையின்மை சிகிச்சை, உடல் பருமன் அறுவை, கண்ணாடி பவர் திருத்தம் போன்றவற்றுக்கும் அப்பாவின் ஹெர்னியாவுக்கும் சம்பந்தமில்லை. பென்சிலால் அடித்துவிடுங்கள். மீதி இரண்டு வகைதான். ஒன்று, நாள் கடந்தால் தானாக விலகிப் போகிறவை: முன்பே இருந்த நோய்க்கான 01, பட்டியலிட்ட நோய்களுக்கான 02, முதல் 30 நாளுக்கான 03. இன்னொன்று, எதற்காக அட்மிட் ஆனார் என்பதைப் பார்ப்பவை. பரிசோதனைக்காக மட்டும் படுத்தாரா (04), குடியால் வந்ததா (12) என்பது போல.

சுருக்கும்போது எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. விலக்கை எழுதிக்கொண்டு, அதற்குள் இருக்கும் 'தவிர'வை விட்டுவிடுவார்கள். "முதல் 30 நாள் கிளைம் கிடையாது" என்று எழுதுவார்கள். "விபத்து தவிர" என்பது காணாமல் போகும். "அழகு அறுவை கிடையாது" என்பார்கள்; விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கு அது பொருந்தாது என்பது போய்விடும். கிளைமைக் காப்பாற்றுவதே அந்தத் 'தவிர'தான். ஆகவே ஒவ்வொரு வரியையும், கையில் உள்ள ஒரு காகிதத்தைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எழுதுங்கள். தவிரவும் எண்ணும் கூடவே இருக்கட்டும்.

உங்கள் சீட்டு இப்படி வரும்:

- 02: ஹெர்னியா பட்டியலில் உள்ளதா, எத்தனை மாதம்? (விபத்து தவிர)
- 01: பாலிசிக்கு முன்பே டாக்டர் கண்டுபிடித்த நோயா? எத்தனை மாதம்?
- இடையில் ரினியூவல் விட்டுப்போனதா?
- தொகை எப்போது கூடியது?
- 04: அட்மிஷன் சீட்டில் சிகிச்சை எழுதியிருக்கிறதா, வெறும் பரிசோதனையா?

இதை உங்கள் தேதிகளில் ஓட்டிப் பார்ப்போம். ஹெர்னியாவுக்குப் பல பாலிசிகளில் 24 மாதம் காத்திருப்பு இருக்கும். உங்களுடையதிலும் அதுதான் என்றால், 2025 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. ஆனால் அது முதலில் எடுத்த 3 லட்சத்துக்கு மட்டும். கூட்டிய 2 லட்சத்துக்குக் கணக்கு 2024 ஆகஸ்டில் புதிதாகத் தொடங்குகிறது. அது 2026 ஆகஸ்டில்தான் திறக்கும். பில் 3 லட்சத்துக்குள் வந்தால் இதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

சர்க்கரைக்கு 36 மாதம் என்று போட்டிருந்தால், முதலில் எடுத்த 3 லட்சத்துக்கு அதுவும் 2026 ஆகஸ்ட் வரை. ஐஆர்டிஏஐ அனுமதிக்கும் உச்சம் அவ்வளவுதான். ஹெர்னியா சர்க்கரையால் வருவதில்லை, எனவே இந்த அறுவைக்கு அது குறுக்கே வராது. ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரவே நாலு நாள் முன்னதாகப் படுக்க வைத்தால் அந்த நாட்களின் செலவில் கேள்வி எழலாம்.

எனக்கு அதிகம் பயம் தருவது இரண்டாவது வரி. அட்மிஷனின்போது ஜூனியர் டாக்டர் "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்பார். அப்பா யோசிக்காமல் "அது இருக்கும் மூணு வருஷமா" என்பார். அது கேஸ் ஷீட்டில் ஏறினால் ஹெர்னியா பாலிசிக்கு முந்தையது என்றாகி, 02-க்குப் பதில் 01 வந்து நிற்கும். இரண்டில் நீண்ட காத்திருப்பே பொருந்தும். பொய் சொல்லச் சொல்லவில்லை. முதலில் டாக்டரிடம் காட்டிய தேதி எது என்று பழைய ஓபி சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தத் தேதியையே சொல்லச் சொல்லுங்கள். விலக்கின் வாசகமே, பாலிசிக்கு முன் டாக்டர் கண்டறிந்ததா, சிகிச்சை தந்தாரா என்றுதான் கேட்கிறது. அந்த ஓபி சீட்டின் நகலைத் துண்டுச் சீட்டோடு பின் அடித்து வையுங்கள்.

கேஷ்லெஸ் மறுக்கப்பட்டால், எந்த எண் என்று எழுத்தில் கேளுங்கள். மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று அவர்கள் குறிப்பிட்டாக வேண்டும். அவர்கள் சொல்லும் எண்ணை உங்கள் சீட்டில் தேடி, பக்கத்தில் உள்ள தவிரவை அப்போது படியுங்கள்.