சதவீதம் இருக்கட்டும், எதில் சதவீதம்?

கேள்வி: மண்டபத்துக்கும் டெகரேஷனுக்கும் அட்வான்ஸ் கட்டியாச்சு. தேதி தள்ளிப்போகும் போல. கேன்சல் பண்ணினா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

உங்கள் ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருக்கும், நீங்கள் இன்னும் படித்திருக்க மாட்டீர்கள். நானும் படிக்கவில்லை. "படிக்காமல் ஏன் கையெழுத்துப் போட்டாய்" என்று எழுத வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதை என் மச்சான் ஏற்கெனவே முப்பது தடவை கேட்டுவிட்டார்.

என் கதையைச் சொல்கிறேன். மொத்த வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸாக 40 கட்டினேன். பொருள் ஏதாவது உடைந்தால் பிடித்துக்கொள்ள என்று தனியாக 10 பங்கு காஷன் டெபாசிட். ரசீதில் இருந்த விதி இது: 60 நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் 25 சதவீதம் பிடித்தம், 30 முதல் 60 நாளுக்குள் என்றால் 50 சதவீதம், அதற்கும் பிந்தினால் ஒன்றும் கிடையாது.

மாமனார் திடீரென்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். விசேஷத்துக்கு 64 நாள் இருக்கும்போது மேனேஜருக்குப் போன் செய்தேன். நான் கேட்டது வேறு தேதி. அது காலியில்லை என்றார். அப்படியானால் ரத்து செய்துவிடுங்கள் என்றேன். "சரி சார், ஆபீஸ்ல சொல்லிடறேன்" என்றார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்: 40-ல் 25 சதவீதம் 10, மீதி 30 கைக்கு வரும், காஷன் தனி.

ஆஸ்பத்திரி அலைச்சல் ஓய்ந்து பணம் வாங்க நேரில் போனபோது, கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் ரத்து என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அன்றைக்கு விசேஷத்துக்கு 58 நாள்தான் இருந்தது. கடிதம் கிடைத்த தேதிதான் கணக்காம், போன் செல்லாதாம். அதனால் பிடித்தம் 50 சதவீதம். அதுவும் நான் கட்டிய 40-ல் இல்லை, மொத்த 100-ல். ஆக 50. "அட்வான்ஸ் 40 போக இன்னும் 10 நீங்கதான் தரணும், அதைக் காஷன்ல கழிச்சுக்கறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ரசீதில் "50 சதவீதம்" என்று மட்டும்தான் இருந்தது. எதில் என்று ஒரு வார்த்தை இல்லை.

காஷனை மட்டும் நான் விடவில்லை. அது மண்டபத்தைப் பயன்படுத்தும்போது வரும் சேதத்துக்கான பணம். நான் உள்ளே காலே வைக்கவில்லை, எதைச் சேதம் செய்தேன்? வாடகைக் கணக்கில் அதைக் கழிக்கலாம் என்று எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். காட்ட முடியவில்லை. மூன்று வாரம் அலையவிட்டு அந்த 10-ஐத் தந்தார்கள்.

அந்தத் தேதியன்று அந்தப் பக்கமாகப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன், ஒத்துக்கொள்கிறேன். வாசலில் வேறு யாரோ பெயர்ப் பலகை, உள்ளே வெளிச்சம். என் தேதியை இன்னொருவருக்கு முழு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள், என் 40-ம் அவர்களிடம். மறுபடி வாடகைக்குப் போனால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். சண்டை போட்டதில் 10 பங்குக்கு "அடுத்த புக்கிங்கில் கழித்துக்கொள்ளலாம்" என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஒரு வருடம்தான் செல்லும். அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது, காலாவதியாகி.

மண்டபம் நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடைசி வாரத்தில் ரத்தானால் அந்த நாளை வேறு யாருக்கும் விற்க முடியாது, நஷ்டம்தான், தெரியும். 58 நாள் முன்னால் சொன்னவனுக்கும் அதே நியாயமா என்பதுதான் என் கேள்வி.

டெகரேஷன்காரர் கணக்கு வேறு. அவர் தருவது பொருளும் ஆள் வேலையும். ஃப்ரேமும் துணியும் அவரிடமே இருப்பவை, அடுத்த விசேஷத்துக்குப் போய்விடும். பூவை ஓரிரு நாள் முன்னால்தான் எடுப்பார். நமக்கென்றே வெட்டிய பெயர்ப் பலகை மட்டும்தான் வேறு யாருக்கும் ஆகாது. என்னிடம் அவர் அந்தப் பலகைக்கு மட்டும் பில்லைக் காட்டிப் பிடித்துக்கொண்டு, மீதியைப் புதிய தேதிக்கு மாற்றிக்கொண்டார். நீங்களும் எதற்காகப் பிடிக்கிறார் என்று பொருள்வாரியாகக் கேளுங்கள். பெரும்பாலும் தொகை இறங்கும்.

உங்களுக்கு இன்னும் தேதி முடிவாகவில்லை. ரசீதில் எத்தனையாவது நாளில் பிடித்தம் ஏறுகிறது என்று பார்த்து, அதற்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். முதலில் ரத்து என்ற வார்த்தையே வேண்டாம், "தேதி மாற்றம் கோருகிறேன்" என்று எழுதுங்கள். தேதி மாற்றத்துக்குத் தனி விதி இருந்தால் அது பெரும்பாலும் மலிவு. மெசேஜ் அனுப்பினால் "கிடைத்தது" என்று பதில் வாங்குங்கள், கடிதம் என்றால் நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த மண்டபத்தைச் சிபாரிசு செய்ததே மேலே சொன்ன மச்சான்தான். இன்றுவரை அதைப் பற்றி மட்டும் அவர் வாயே திறப்பதில்லை.