கட்டிலிலிருந்து நாற்காலிக்கு: முதுகைக் காப்பாற்றக் கேட்டவை

வார்டில் பக்கவாத நோயாளி, 70 கிலோ, இடப்பக்கம் பலவீனம். தினமும் வீல்சேருக்கு மாற்றுகிறேன், முதுகு விண்ணென்று வலிக்கிறது. எப்படித் தூக்குவது?

தூக்கவே கூடாது. நோயாளியைக் கையால் தாங்கும்போது, எல்லாம் சாதகமாக இருந்தால்கூட, ஒரு நர்ஸ் ஏற்கலாம் என்று அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கில் வரும் எடை சுமார் 16 கிலோதான். 70 கிலோவை இரண்டு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 35 ஆகிவிடும், அதனால் எடையை அவர் காலே தாங்க வேண்டும். முதலில் உட்கார்ந்தபடி வலது முழங்காலை நீட்டிக் கொஞ்ச நேரம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை, அல்லது சொல்வது புரியவில்லை என்றால் நோயாளியைத் தூக்கும் கருவியான ஹாய்ஸ்ட்தான், தனியாக முயற்சி செய்யாதீர்கள்.

முடிகிறதா, சரி, வீல்சேரை அவருடைய வலப்பக்கம், கட்டிலுக்குச் சாய்வாக, ஒட்டினாற்போல் போடுங்கள். பிரேக்கைப் போட்டு, கால்மிதியை மடக்கிவிட்டு, யூரின் பையும் டிரிப் குழாயும் எங்கே மாட்டும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டில் விளிம்பில் உட்கார்த்தி ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள். தலை சுற்றினாலோ முகம் வெளுத்தாலோ படுக்க வைத்து பிபி பாருங்கள். அப்புறம் அவரை முன்னுக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் பதிய, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அதைப் பிடியுங்கள். இடது அக்குளில் கை கொடுத்து இழுத்தால் தளர்ந்துபோன தோள்மூட்டு இறங்கிவிடும். அவர் உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள், வலது கையால் கட்டிலை அழுத்தட்டும்.

உங்கள் முழங்காலால் அவர் இடது முழங்காலுக்கு அணை கொடுங்கள். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னால் குனியச் சொல்லி, மூன்று எண்ணி எழுப்புங்கள். புட்டம் தானாகவே கிளம்பும், அதுதான் இதில் முக்கியமான இடம். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள், உட்கார்த்தும்போது முழங்காலை மடக்கி அவரோடு சேர்ந்து இறங்குங்கள். வீல்சேரின் விளிம்பு அவர் காலில் படுகிறதா என்று கேட்டுவிட்டே உட்கார்த்த வேண்டும்.

இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு வேலை பார்த்தால் முதுகுக்குப் பாதுகாப்பா?

நோயாளி இடுப்பில் கட்டுவது பிடிக்கத்தான். நாம் கட்டும் பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதைக் கட்டிய தைரியத்தில் கூடுதல் எடை தூக்குவதுதான் ஆபத்து.

பாதியில் நோயாளி மடங்கி விழப்போனால்?

தாங்கி நிறுத்தப் பார்க்காதீர்கள், இடுப்பு தெறிப்பது அந்த நொடியில்தான். காலை அகட்டி, பெல்ட்டைப் பிடித்து அவரை உங்களோடு அணைத்து, உங்கள் தொடை வழியாகத் தரைக்குச் சறுக்கவிட்டு, தலை மோதாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே தூக்கி நிறுத்த வேண்டாம். தலையில் அடி, இடுப்பில் வலி, நினைவு, பிபி இதெல்லாம் பார்த்து, டாக்டருக்குச் சொன்ன பிறகு ஹாய்ஸ்ட்டை வைத்து எடுக்கலாம்.