பகுதிகளைக் கூட்டினால் துல்லியம் கூடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனித உடலில் எத்தனை செல்கள் இருக்கும் என்று நானும் நண்பரும் இயற்பியலாளர் ஃபெர்மியின் பாணியில், ஊக எண்களை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டோம். உடலின் கன அளவை ஒரு செல்லின் கன அளவால் வகுத்தோம். செல்லின் அகலம் 50 மைக்ரான் என்று நான் வைத்தேன், அவர் 10 என்றார். எனக்கு 56,000 கோடி வந்தது, அவருக்கு 70 லட்சம் கோடி. இன்னும் பல பகுதிகளாகப் பிரித்திருந்தால் விடை நெருங்கியிருக்குமா? எத்தனை பகுதிகள் போதும்? இதைப் பழக நல்ல புத்தகம் உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

புத்தகத்தை விடுங்கள். காகிதமும் பேனாவும் எடுத்து இரண்டு பேர் உட்கார்ந்தீர்கள் பாருங்கள், அது போதும். ஆனால் விடை வந்ததும் பேனாவை மூடிவிட்டீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது வெறும் 5 மடங்கு வித்தியாசம். அகலத்தை மூன்று முறை பெருக்கித்தான் கன அளவு வருகிறது. ஆகவே 5 மடங்கு 125 மடங்காகிவிட்டது. நீளத்தை ஊகித்துக் கனமாக்கும் கணக்கில், மற்ற எண்களையெல்லாம் சும்மா விட்டுவிட்டு அந்த ஒரு நீளத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். உடல் 60 லிட்டரா 80 லிட்டரா என்று எவ்வளவு நேரம் பேசினாலும் விடை அசையாது.

சரி, 50 தப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செல்லின் அகலத்தைத் தொடாத இன்னொரு வழியில் போங்கள். உடலில் இரத்தம் சுமார் 5 லிட்டர், அதாவது 50 லட்சம் கன மில்லிமீட்டர். ஒரு கன மில்லிமீட்டரில் சிவப்பணுக்கள் சுமார் 50 லட்சம். இரத்தப் பரிசோதனைத் தாளில் அச்சாகி வருகிற எண்தான் அது. இரண்டையும் பெருக்கினால் 25 லட்சம் கோடி. சிவப்பணு மட்டுமே இவ்வளவு இருக்கும்போது மொத்த உடலுக்கும் நீங்கள் 56,000 கோடி என்கிறீர்கள். பகுதியைவிட முழுமை சிறியதாகிவிட்டது! இதைப் பார்த்த கணமே உங்கள் விடையைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டாமா?

அந்த 25-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சிவப்பணுவின் கன அளவு ஏறக்குறைய 90 கன மைக்ரான். 25 லட்சம் கோடி சிவப்பணுக்கள் சேர்ந்தால் 2.25 லிட்டர். 5 லிட்டரில் அது 45 சதவீதம். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கைத்தான் ஹீமட்டோக்ரிட் என்பார்கள்; அதே பரிசோதனைத் தாளில் அந்த வரியைப் பாருங்கள், அந்த அளவில்தான் இருக்கும். இப்போது நம்பலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பகுதிகளின் எண்ணிக்கையில் எதுவும் இல்லை. ஒவ்வொரு பகுதிக்குள்ளும் இருப்பவை ஏறத்தாழ ஒரே அளவா என்பதே பார்க்க வேண்டியது. 100 மைக்ரான் அகலமுள்ள ஒரு கொழுப்புச் செல்லுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட சிவப்பணுக்களின் கன அளவு அடங்கும். இந்த இரண்டுக்கும் சராசரி எடுத்தால் வருவது எந்தச் செல்லின் அளவு? எடையில் பெரும்பங்கு கொழுப்பும் தசையும். எண்ணிக்கையில் அவை ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே இங்கே இரண்டே பகுதிகள் போதும்: சிவப்பணு, மற்றவை. சென்டர், ஃபுக்ஸ், மிலோ ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2016-இல் வகைவாரியாகக் கூட்டி வந்த மொத்தம் சுமார் 30 லட்சம் கோடி. அதில் 84 சதவீதம் சிவப்பணு.

இந்தத் தவறு உங்களோடு போகவில்லை. 1972-இல் தாமஸ் லக்கி என்ற ஆய்வாளர் குடல் பாக்டீரியாவைக் கணக்கிட்டார். கிராமுக்கு 10,000 கோடி, உள்ளே இருப்பது 1 கிலோ, ஆகவே 100 லட்சம் கோடி. நம் செல்களைவிடப் பாக்டீரியா பத்து மடங்கு என்று பல்லாண்டுகள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அடிப்படை இந்த எண்தான். அந்த அடர்த்தி பெருங்குடலுக்கு மட்டுமே உரியது; இரைப்பையிலும் சிறுகுடலிலும் பாக்டீரியா மிகமிகக் குறைவு. பெருங்குடலில் இருப்பது சுமார் 400 கிராம். அதே பெருக்கல், விடை 40 லட்சம் கோடி. பத்துக்கு ஒன்று என்பது கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாகிவிட்டது.

உங்கள் நண்பரின் 70 சரியான விடையிலிருந்து இரண்டரை மடங்குக்குள் நிற்கிறது. இந்த வகைக் கணக்கில் அது நல்ல விடைதான். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டுச் சோதனையில், வெடிப்பின் அலையில் காகிதத் துண்டுகளைப் பறக்கவிட்டு அதன் வலிமை என்று ஃபெர்மி சொன்ன 10,000 டன் டிஎன்டியும், பின்னால் தெரிந்த அளவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆனால் 10 மைக்ரானை எங்கிருந்து எடுத்தார் என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். சும்மா எடுத்தேன் என்றால், கல்லீரலில் மட்டும் எத்தனை செல்கள் என்று அடுத்த கணக்கை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.