தேயிலைத் தோட்டத்து ஷாட்டில் குறுக்கே வந்தவரை நீக்குவது: கேள்வி பதில்

குன்னூர் வாசகர்: 8 விநாடி ஷாட், கேமரா மெதுவா வலப்பக்கம் திரும்புது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருத்தர் செடிகளுக்கு நடுவே நடந்து போறார். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல மாஸ்க் போட்டு நிரப்பினேன். ஆள் போயிட்டார், ஆனா கறுப்பா ஒரு கறை நகர்ந்துகிட்டே இருக்கு.

அது அவருடைய நிழல். சாயங்கால வெயிலில் நிழல் ஆளைவிட நீளமாகச் செடிகள் மேல் விழும். நீங்கள் உடம்பை மட்டும் வெட்டியிருக்கிறீர்கள். மென்பொருள் அந்த ஓட்டையை மற்ற பிரேம்களில் தெரிகிற பின்னணியைக் கொண்டுவந்து அடைக்கிறது. ஓரத்தில் நிற்கும் நிழலையும் பின்னணி என்று நம்பி உள்ளே இழுத்துவிடுகிறது.

நிழலுக்குத் தனியாக இன்னொரு மாஸ்க் வரையுங்கள். இரண்டையும் `Subtract` ஆக்குங்கள். `M` அழுத்தி `Mask Path` கடிகாரத்தைத் தட்டி, அவர் பிரேமுக்குள் நுழையும் இடம், வெளியேறும் இடம், நடு இடம் மூன்றிலும் கீஃப்ரேம் வையுங்கள். பிறகு ஓட்டிப் பார்த்து, மாஸ்க் நழுவும் இடத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று சேருங்கள். ஒவ்வொரு பிரேமிலும் வைத்தால் ஓரம் நடுங்கும்.

ஷாட் 25 பிரேம் வேகம் என்றால் மொத்தம் 200 பிரேம். அவர் 3 விநாடிதான் தெரிகிறார் என்றால் 75 பிரேம் போதும். `B`, `N` விசைகளால் அந்தப் பகுதியை மட்டும் குறித்து, `Window` மெனுவில் `Content-Aware Fill` திறந்து, `Fill Method` என்பதில் `Object`, `Range` என்பதில் `Work Area` கொடுத்து `Generate Fill Layer` அழுத்துங்கள்.

இதற்குப் பிறகும் மெல்லிய சிவப்புக் கோடு மிஞ்சலாம். போன் வீடியோவில் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைக் குறைந்த அளவிலும்தான் பதிவார்கள். அதனால் ஸ்வெட்டரின் சிவப்பு உருவத்தின் ஓரத்தைத் தாண்டி வெளியே கசிந்திருக்கும். `Alpha Expansion` 5 முதல் 10 வரை ஏற்றி மறுபடி நிரப்பிப் பாருங்கள், போய்விடும்.

கோத்தகிரி வாசகர்: அதுக்கு Mask Feather 40 வச்சா ஓரம் தானா கலந்துடுமே? நான் எப்பவும் அப்படித்தான் செய்யறேன்.

ஓரத்தை மென்மையாக்குவது சரிதான். ஆனால் 40 வைத்தால் ஓரத்தைச் சுற்றி அரைகுறையாக ஒளி ஊடுருவும் வளையம் ஒன்று வரும். அந்த வளையத்துக்குள் அவருடைய ஸ்வெட்டரும் பாதி தெரியும், ஆவி மாதிரி. வெற்று வானத்துக்கு எதிரே இது கண்ணில் படாது என்பதால் இதுவரை உங்களுக்குத் தப்பியிருக்கலாம். தேயிலை இலை போன்ற பொடி வடிவத்துக்கு எதிரே அப்பட்டமாகத் தெரியும். மாஸ்க்கைத் தாராளமாக வரைந்து, ஃபெதரை 2-க்குள் வையுங்கள்.

ஊட்டி வாசகர்: ஏரிக்கரையில எடுத்த போட்டோவுல பின்னாடி நிக்கிறவங்களை எடுக்கணும். இதே முறைதானா?

இல்லை, இங்கே பேசுவது வீடியோ. போட்டோவுக்கு போட்டோஷாப்பில் இதே பெயரில் ஒரு வசதி உண்டு. அது அதே படத்துக்குள்ளேயே வேறு பகுதியை எடுத்து அடைக்கும். வீடியோவில் பக்கத்துப் பிரேம்களும் கைகொடுக்கும். அடுத்த கேள்விக்காரருக்குச் சிக்கலே அங்கேதான்.

கொடைக்கானல் வாசகர்: கோக்கர்ஸ் வாக்கில் ட்ரைபாட் ஷாட். பெஞ்சில் உட்கார்ந்தவர் கடைசிவரை எழவே இல்லை. Object போட்டால் அந்த இடம் கூழாகிப்போகுது.

அவருக்குப் பின்னால் இருப்பது எந்தப் பிரேமிலும் தெரியவில்லை, எனவே மென்பொருளுக்கு எடுத்துவர ஒன்றுமில்லை. நாம்தான் அதை வரைந்து தர வேண்டும். `Create Reference Frame` அழுத்தினால் ஒரு பிரேம் போட்டோஷாப்பில் திறக்கும். பெஞ்சின் காலி மூலையிலிருந்து பலகையையும், பக்கத்திலிருந்து கைப்பிடிக் கம்பியையும் குளோன் ஸ்டாம்பால் இழுத்து அவர் இருந்த இடத்தை மூடுங்கள். பெயரை மாற்றாமல் சேமித்துவிட்டுத் திரும்ப வந்து மறுபடி நிரப்புங்கள்.

உங்கள் கேமரா அசையவில்லை என்பதால் மறுபடி நிரப்புவதைக்கூட விடலாம். அந்தத் துப்புரவான பிரேமை மேலே வைத்து, அவர் இருக்கும் இடத்தை மட்டும் விட்டு மீதியை மாஸ்க்கால் வெட்டினால் ஒட்டு வேலை முடிந்தது. ஆனால் அசையாத படத்தில் இரைச்சல் புள்ளிகளும் உறைந்து நிற்கும். `Match Grain` போட்டால் அது சுற்றுப்புறத்தோடு சேரும்.

அதே வாசகர்: நடுவில் மூடுபனி ஏறி வருதே, அப்போ?

அங்கேதான் ஒட்டு காட்டிக்கொடுக்கும். சுற்றிலும் வெளுக்கும்போது உங்கள் துண்டு மட்டும் பளிச்சென்று கரும்பச்சையாக நிற்கும். பனி மெல்லியதாகவும் மெதுவாகவும் வந்தால், முதலில் சொன்ன நிரப்பும் முறையில் `Lighting Correction` தேர்ந்து `Strong` வைத்தால் ஓரளவு சமாளிக்கும். நிலையான ஒட்டுதான் வேண்டும் என்றால் பனி இல்லாதபோது ஒன்று, முழுதாக மூடியபோது ஒன்று என்று இரண்டு துப்புரவுப் பிரேம்கள் தயாரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு `Opacity` மூலம் மெல்ல மாற்றுங்கள்.

கிழிந்த கிழிசலாகச் சுழன்று வரும் அடர்ந்த பனிக்கு இரண்டும் போதாது, பனியின் விளிம்பு ஒட்டின் எல்லையில் துண்டிக்கப்படும். அப்படிப்பட்ட ஷாட்டை பனி வருவதற்கு முன்பே வெட்டிவிடுவதைத்தான் நான் சொல்வேன். வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.